விளம்பரம் இல்லாத சதுரங்கம்: மூத்தோர் கைபேசிக்கு ஏற்ற விளையாட்டுச் செயலிகள்

கைபேசியின் செயலிக் கடையில் சதுரங்கம் என்று தேடினால் நூற்றுக்கணக்கான செயலிகள் வந்து நிற்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இலவசம் என்றே அறிவிக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒரு செயலியை உருவாக்கவும் நடத்தவும் பணம் வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்தேனும் வந்தாக வேண்டும். விளம்பரத்தால் வரலாம், மாதச் சந்தாவால் வரலாம், பயன்படுத்துவோர் விரும்பி அளிக்கும் நன்கொடையால் வரலாம். வீட்டிலுள்ள மூத்தவருக்கு ஒரு செயலியைத் தேர்ந்து கொடுக்கும்போது நாம் முதலில் அறிய வேண்டியது அந்த விளையாட்டின் பெயரையன்று. அதன் வருவாய் எவ்வழியில் வருகிறது என்பதையே. எழுத்தின் அளவு, ஆட்டத்தின் வேகம், வங்கிக் கணக்கின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் பெரும்பாலும் இந்த ஒன்றைச் சார்ந்தே அமைகின்றன.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

சதுரங்கமும் புதிர்களும் மறதி நோயைத் தடுக்கும் என்று சில செயலிகள் விளம்பரம் செய்கின்றன. ஆய்வுகள் கூறுவது இதைவிட அடக்கமானது. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,802 பேரைக் கொண்டு ‘ஆக்டிவ்’ என்னும் பெரிய ஆய்வு நடந்தது. அதன் முதல் முடிவுகள் 2002-இல் வெளியாயின. பங்கேற்றோர் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு நினைவாற்றலிலும், ஒரு குழுவுக்குத் தருக்கத்திலும், ஒரு குழுவுக்குப் பார்த்ததை விரைந்து உணர்வதிலும் பயிற்சி தரப்பட்டது. மற்றொரு குழுவுக்குப் பயிற்சி எதுவும் தரப்படவில்லை. பயிற்சி பெற்ற ஒவ்வொரு குழுவும் தான் பயின்ற திறனில் முன்னேறியது. ஆனால் பயிலாத பிற திறன்களில் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. அதாவது, சுடோகு போடுபவர் சுடோகுவில் தேர்ச்சி பெறுவார். அதனால் மட்டுமே மருந்துண்ணும் நேரம் தவறாமல் நினைவுக்கு வரும் என்று கொள்ள இயலாது.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த மற்றோர் ஆய்வு 2003-இல் வெளியானது. வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி மீட்டல், நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டோரிடையே மறதி நோய் குறைவாகத் தோன்றியதை அது பதிவு செய்தது. எனினும் விளையாட்டே நோயைத் தடுத்தது என்று அதிலிருந்து முடிவு செய்துவிட முடியாது. நோயின் மிகத் தொடக்க நிலையில் இருப்பவர்கள், அதை அறியாமலேயே விளையாட்டைக் கைவிடுவதும் உண்டு. 2016-இல் லுமாசிட்டி என்னும் மூளைப் பயிற்சி நிறுவனம், தன் விளையாட்டுகள் முதுமையின் அறிவுத் தேய்வைத் தடுக்கும் என்று தக்க சான்றின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. அந்நிறுவனம் 20 லட்சம் டாலர் செலுத்தி அவ்வழக்கை முடித்துக்கொண்டது.

ஆகவே, மறதியைப் போக்கும் என்று உறுதி கூறிச் சந்தா கேட்கும் செயலிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. விளையாட்டு விளையாட்டாகவே இருக்கட்டும்; மூத்தவருக்கு அது பிடித்திருக்க வேண்டும், பிற்பகல் ஒரு மணி நேரம் மனம் ஒன்றி அமர இடம் தர வேண்டும். இடையிடையே விளம்பரம் குறுக்கிட்டால் அந்த ஒன்றுதல் கலைந்துவிடும்.

விளம்பரம் செய்யும் தீங்கு எது?

விளம்பரச் செயலியில் ஓர் ஆட்டம் முடிந்ததும், சில நேரம் ஆட்டத்தின் நடுவிலும், திரை முழுவதையும் மறைத்து ஒரு காணொளி ஓடும். அதை மூடுவதற்கான பெருக்கல் குறி சில நொடிகள் கழித்தே, மிகச் சிறியதாக, ஒரு மூலையில் தோன்றும். கை சற்று நடுங்குபவர் அதைத் தொட முயன்று விளம்பரத்தையே தொட்டுவிடுவார். அங்கிருந்து வேறொரு பக்கம் திறக்கும். ‘உங்கள் கைபேசியில் வைரஸ் உள்ளது’ என்றோ, ‘உங்களுக்குப் பரிசு விழுந்துள்ளது’ என்றோ எழுதிய பொத்தான்கள் அங்கே காத்திருக்கும்.

இழப்பு நேர்வது அடுத்த படியில். அப்பக்கம் கடைக்கு வெளியிலிருந்து ஒரு கோப்பைப் பதிவிறக்கி நிறுவச் சொல்லும். அல்லது உதவி எண் என்று ஒன்றைக் காட்டி, அழைத்தவரிடம் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லும். திரை பகிரப்பட்டால் வங்கிச் செயலியில் தோன்றுவதும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். எந்த விளையாட்டுக்கும் திரைப் பகிர்வு தேவையில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது தீங்கு, சந்தா. ‘ஏழு நாள் இலவசம்’ என்று தொடங்கும் செயலிகள் முதல் நாளிலேயே தானியங்கிப் பற்றுக்கு ஒப்புதல் பெற்றுக்கொள்கின்றன. அந்த ஒப்புதலுக்கு ஒருமுறை கூடுதல் சரிபார்ப்பு உண்டு. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் 15,000 ரூபாய் வரையிலான பற்றுக்கு மீண்டும் ஒருமுறைக் கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை. பற்றுக்கு 24 மணி நேரம் முன்பாக ஓர் அறிவிப்பு வரும். குறுஞ்செய்திகளைப் படிக்கும் வழக்கம் இல்லாதவரிடம் அது பயனற்றுப் போகிறது. செயலியை நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது நிற்பதில்லை. பிளே ஸ்டோரில் நம் படத்தைத் தொட்டு, ‘Payments & subscriptions’ என்பதன் கீழுள்ள ‘Subscriptions’ பகுதியில் தனியே ரத்து செய்ய வேண்டும். யுபிஐ வழியாக ஒப்புதல் தந்திருந்தால் அச்செயலியின் ‘Autopay’ பகுதியையும் பார்க்க வேண்டும்.

கடையில் எதைப் படிக்க வேண்டும்?

ஆண்ட்ராய்டு கைபேசியின் பிளே ஸ்டோரில் செயலியின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இரண்டு குறிப்புகள் இருக்கக்கூடும். ‘Contains ads’ என்றிருந்தால் விளம்பரம் உண்டு. ‘In-app purchases’ என்றிருந்தால் உள்ளே விற்பனை உண்டு. முதற்குறிப்பு இருந்தால் அந்தச் செயலியை விட்டுவிடலாம். தேடலின் உச்சியில் ‘Sponsored’ என்ற குறிப்புடன் வருவது பணம் கொடுத்து முன்வைக்கப்பட்டது. நாம் தேடியது அதுவாக இருக்க வேண்டியதில்லை. ஆதலால் பெயரை மட்டும் பாராமல், உருவாக்கியவர் பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்தே நிறுவ வேண்டும்.

இந்தச் சோதனையில் தேறும் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒன்று சதுரங்கத்துக்கான லிசெஸ். பிரான்சைச் சேர்ந்த திபோ துப்லெசி 2010-இல் தொடங்கியது. இலாப நோக்கற்ற அமைப்பாக நன்கொடையால் இயங்குகிறது. விளம்பரம் இல்லை, பணம் கட்டியவருக்கு மட்டும் என்று பூட்டி வைத்த பகுதியும் இல்லை. lichess.org என்ற முகவரியை உலாவியில் திறந்தாலே விளையாடலாம்; செயலியாகவும் கிடைக்கிறது.

மற்றொன்று, இங்கிலாந்தைச் சேர்ந்த நிரலாளர் சைமன் டேதம் எழுதிய புதிர்த் தொகுப்பு. அதை ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப அமைத்தவர் கிறிஸ் பாயில். பிளே ஸ்டோரில் ‘Simon Tatham’ என்று தேடி, உருவாக்கியவர் ‘Chris Boyle’ என்றிருப்பதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். சிறு சிறு தருக்கப் புதிர்கள் பல அதில் உள்ளன. ஒவ்வொரு புதிரும் கைபேசியிலேயே புதிதாக உருவாக்கப்படுவதால் இணையம் தேவையில்லை. தரவு இணைப்பை நிறுத்திவிட்டும் விளையாடலாம் என்பது மூத்தவரின் பாதுகாப்புக்குக் கூடுதல் வசதி. விதிகளின் விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பது இதன் குறை. வீட்டிலுள்ளோர் ஒருமுறை உடனிருந்து சொல்லித் தர வேண்டும். அதன் பிறகு எண்களும் கோடுகளுமே பேசும்.

எழுத்தைப் பெரிதாக்கியும் ஏன் பெரிதாவதில்லை?

கைபேசியின் அமைப்புகளில் எழுத்தின் அளவைக் கூட்டும் வசதி உண்டு. குறுஞ்செய்தியும் வங்கிச் செயலியும் அதற்கேற்பப் பெரிதாகும். விளையாட்டின் கட்டங்களோ பெரும்பாலும் பெரிதாவதில்லை. கட்டங்களும் அவற்றின் உள்ளே இருக்கும் எண்களும் எழுத்தாக அமைக்கப்படாமல், திரையின் அகலத்துக்குள் அடங்கும் படமாக வரையப்படுவதே காரணம். அகலம் மாறாத வரை கட்டமும் மாறாது.

இதைச் சிறிய கணக்கால் காணலாம். 6.5 அங்குலக் கைபேசியின் திரை அகலம் ஏறத்தாழ 6.8 சென்டிமீட்டர். சதுரங்கப் பலகையில் வரிசைக்கு எட்டுக் கட்டம். ஆகவே ஒரு கட்டம் 8.5 மில்லிமீட்டர். சுடோகுவில் வரிசைக்கு ஒன்பது. ஒரு கட்டம் 7.5 மில்லிமீட்டர். விரலால் தொடும் பொத்தான் ஏறத்தாழ 9 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது ஆண்ட்ராய்டு வடிவமைப்பு நெறி. இரண்டுமே அதற்குக் குறைவு. 10 அங்குலக் கைக்கணினியை நெட்டாகப் பிடித்தால் அகலம் ஏறத்தாழ 13.6 சென்டிமீட்டர்; சதுரங்கக் கட்டம் 17 மில்லிமீட்டராகவும் சுடோகுக் கட்டம் 15 மில்லிமீட்டராகவும் ஆகிவிடும். கண்ணும் விரலும் தடுமாறும் ஒருவருக்கு எழுத்தளவைத் திருத்துவதைவிடத் திரையின் அகலத்தைக் கூட்டுவதே தீர்வு.

புதிய கருவி வாங்க இயலாதபோது கட்டங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். டேதமின் தொகுப்பில் சுடோகுவுக்கு ‘Solo’ என்று பெயர். அதில் ஆறுக்கு ஆறு அளவைத் தேர்ந்தால் அதே கைபேசியில் ஒரு கட்டம் 11 மில்லிமீட்டரைத் தாண்டும். திரையின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்க வசதி சதுரங்கத்துக்கு உதவாது. பலகை முழுவதும் ஒருசேரத் தெரியாமல் ஆட முடியாது.

ஒரு வீட்டில் அமைக்கும் முறை

பெங்களூரு அல்சூரில் வாழும் 74 வயது ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கண்புரை அறுவை முடிந்தவர். வலக்கையில் இலேசான நடுக்கம். இளமையில் சதுரங்கம் ஆடியவர். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறார். வீட்டில் 10 அங்குலக் கைக்கணினி ஒன்று உள்ளது.

முதலில், அக்கருவியில் வங்கிச் செயலியும் யுபிஐ செயலியும் இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பிளே ஸ்டோர் கணக்கில் அட்டை எதையும் இணைக்கக் கூடாது. விளையாடும் கருவியும் பணம் கையாளும் கருவியும் வேறுவேறாக இருந்தால், தவறிய ஒரு தொடுதல் பணத்தைத் தொடுவதில்லை. ஒரே கைபேசிதான் உண்டு என்றால், ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்கும்படி பிளே ஸ்டோரின் அமைப்பை மாற்றி வைக்கலாம்.

அடுத்து லிசெஸ். கணினியோடு ஆடவும் புதிர்களைத் தீர்க்கவும் அதில் கணக்குத் தொடங்க வேண்டியதே இல்லை. அதன் கணினி எதிராளிக்கு ஒன்று முதல் எட்டு வரை நிலைகள் உண்டு. பல ஆண்டு இடைவெளிக்குப் பின் ஆடுபவருக்கு முதல் நிலையே போதும். நேரக் கட்டுப்பாட்டில் ‘Unlimited’ என்பதைத் தேர்ந்தால் கடிகாரம் இராது. இதை விட்டுவிட்டால் சிந்தித்துக்கொண்டிருக்கும்போதே நேரம் தீர்ந்து தோல்வி அறிவிக்கப்படும். பலர் இதனாலேயே செயலியைக் கைவிடுகின்றனர்.

கை நடுக்கத்துக்கும் அதில் தீர்வு உண்டு. காயை விரலால் இழுத்துச் செல்லும்போது நடுவழியில் விரல் விலகினால் காய் தவறான கட்டத்தில் விழும். அமைப்புகளில் ‘How do you move pieces?’ என்ற கேள்விக்கு ‘Click two squares’ என்று தேர்ந்தால், காயை ஒருமுறையும் சேர வேண்டிய கட்டத்தை ஒருமுறையும் தொட்டால் போதும். மகளோடு ஆடும் ஆட்டங்களில் ‘Move confirmation’ என்பதை இயக்கினால், ஒவ்வொரு நகர்வையும் உறுதி செய்த பிறகே அது எதிராளிக்குச் செல்லும்.

மகளோடு ஆட இருவருக்கும் கணக்கு வேண்டும். அஞ்சல்வழிச் சதுரங்கம் போன்ற ஒரு முறை அதில் உண்டு. ஒரு நகர்வுக்கு ஒரு நாள் முதல் 14 நாள் வரை காலம் வைத்துக்கொள்ளலாம். மூன்று நாள் என்று வைத்தால், மகள் வேலை முடிந்து இரவில் ஒரு நகர்வும் தந்தை காலையில் ஒரு நகர்வுமாக ஆட்டம் வாரக்கணக்கில் நீளும். கணக்கு தொடங்கியதும் மறவாமல் ‘Kid mode’ என்பதை இயக்கிவிட வேண்டும். சிறுவர்களுக்காக அமைந்த இவ்வசதி அரட்டை, தனிச்செய்தி ஆகியவற்றை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. முன்பின் அறியாத எதிராளி வாட்ஸ்அப் எண் கேட்பதற்கோ, போட்டிப் பரிசு என்று இணைப்பு அனுப்புவதற்கோ அதன்பின் வழியில்லை.

இறுதியாகப் புதிர்த் தொகுப்பு. பல புதிர்களை ஒரேயடியாகக் காட்டினால் எதுவும் மனத்தில் நிற்காது. ஆறுக்கு ஆறு சுடோகுவை மட்டும் முதல் வாரம் காட்டலாம். பிழை செய்தால் ‘Undo’ என்பதால் பின்வாங்கலாம் என்பதையும் அப்போதே பழக்கிவிட வேண்டும்.

சரியாக அமைந்ததா என்று அறிவது எப்படி?

இரண்டு வாரம் கழித்து உடன் அமர்ந்து பார்த்தால் போதும். கருவியை முகத்தருகே கொண்டுபோகிறார் என்றால் திரை சிறியது, அல்லது வாசிப்புக் கண்ணாடி மாற வேண்டும். நினைத்த கட்டத்தில் காய் போய்ச் சேரவில்லை என்று சொன்னால் தொடும் முறை இன்னும் மாற்றப்படவில்லை. தொடர்ந்து தோற்றுச் சலிப்புற்றால் கணினியின் நிலையைக் குறைக்க வேண்டும். தொடர்ந்து எளிதாக வென்றால் ஒருபடி ஏற்ற வேண்டும். தெரியாத புதிய செயலிகளின் படங்கள் திரையில் தோன்றியிருந்தால் எங்கோ ஒரு விளம்பரம் தொடப்பட்டிருக்கிறது. அவற்றை நீக்கிவிட்டு, எதன்வழி வந்தது என்று கேட்டறிய வேண்டும்.

வேறொரு மாற்றமும் உண்டு. அதற்கு எந்த அமைப்பும் தீர்வாகாது. முன்பைவிட மெதுவாகச் சிந்திப்பதும் ஒரு காயைக் கவனிக்கத் தவறுவதும் வயதின் இயல்பு. ஐம்பது ஆண்டுகளாக ஆடியவர் குதிரை நகரும் விதத்தையே மறப்பதும், தன் முறையா எதிராளியின் முறையா என்று மீண்டும் மீண்டும் குழம்புவதும், விரும்பி ஆடிய ஆட்டத்தைக் காரணமின்றிக் கைவிடுவதும் அவ்வாறு கொள்ளத்தக்கவை அல்ல. ஆட்டத்துக்கு வெளியிலும், மருந்திலோ பணக் கணக்கிலோ பழகிய வழியிலோ, அதே தடுமாற்றம் தெரிந்தால் மருத்துவரைக் காண வேண்டும். பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. செவித்திறன் குறைவு, உறக்கமின்மை, சில மருந்துகளின் விளைவு, உயிர்ச்சத்து பி12 குறைபாடு ஆகியவற்றாலும் இத்தகைய தடுமாற்றம் வரக்கூடும்; இவற்றுள் பல சரிசெய்யத் தக்கவை. ஆகையால் சோதனையைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை.

கருவியை அமைத்துக் கொடுத்தவருக்கு மாதம் ஒருமுறை செய்ய வேண்டிய வேலை ஒன்று எஞ்சுகிறது. மூத்தவரின் கணக்கு அறிக்கையை அவர் இசைவோடு, அவருடன் அமர்ந்தே பார்க்க வேண்டும். அறியாத பெயரில் சிறு தொகை ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் பற்றாகியிருந்தால் அது பெரும்பாலும் ஏதோ ஒரு செயலியின் சந்தா. செயலிக் கடையிலும் யுபிஐ செயலியிலும் அதைத் தேடி ரத்து செய்யலாம். கண்டுபிடிக்க இயலாவிடில் கணக்கு அறிக்கையின் நகலோடு கிளையை அணுகலாம். இங்கே கூறிய இரு விளையாட்டுகள் மட்டுமே கருவியில் இருந்தால், அந்த அறிக்கையில் விளையாட்டின் பெயரால் ஒரு ரூபாயும் இருக்கக் கூடாது.